64-க்கு 64: வேலூர் மருத்துவமனை ஒன்றின் தடுப்பூசிக் கணக்கு

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்கள், 2021-ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது தங்கள் ஊழியர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கணக்கிட்டு, அதே ஆண்டில் ஒரு மருத்துவ ஆய்விதழில் சுருக்கமாக வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையின் அட்டவணையில் இரண்டு எண்கள் அருகருகே நிற்கின்றன. இரண்டு ஊசிகளையும் போட்டுக்கொண்ட ஊழியர்களில் தொற்றுக்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 64 பேர். ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளாதவர்களில் அவ்வாறு சேர்க்கப்பட்டவர்களும் 64 பேர்.

புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில், இந்த இரட்டை எண்ணைவிட நல்ல பாடக் கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை. வகுப்பில் இதை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, இந்தத் தடுப்பூசியால் பயன் உண்டா என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் இல்லை என்றே சொல்லுவார்கள். அன்றைக்குக் காட்பாடியில் எங்கள் தெருவிலும் இதே பேச்சுதான். "ரெண்டு ஊசியும் போட்டுக்கினுதானே இருந்தாரு சார், அவருக்கும் வந்து பெட்டுல சேத்தாங்களே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டது கேலியாக அல்ல, உண்மையான குழப்பத்தில். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, 64 என்ற எண் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அப்போது அந்த மருத்துவமனையில் ஏறத்தாழ 10,600 ஊழியர்கள் இருந்தார்கள். 2021 ஜனவரி 21 முதல் ஏப்ரல் 30 வரை அவர்களில் 8,991 பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் போட்டுக்கொண்டது கோவிஷீல்டு. பிப்ரவரி 21 முதல் மே 19 வரையிலான மூன்று மாதங்களில் 1,350 ஊழியர்களுக்கு ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையில் தொற்று உறுதியானது. கணக்கில் இரண்டு ஊசியும் முடித்தவர்களாக எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 7,080 பேர், ஊசியே போடாதவர்கள் 1,609 பேர். இப்போது 64-ஐ 7,080-ஆல் வகுத்தால் 0.9 விழுக்காடு வருகிறது. அதே 64-ஐ 1,609-ஆல் வகுத்தால் 4 விழுக்காடு வருகிறது. 0.9 என்பது 4-இல் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆகவே, மருத்துவமனையில் சேரும் நிலையை எட்டாமல் இந்தத் தடுப்பூசி காத்த அளவு 77 விழுக்காடு. வேறு விதமாகவும் சொல்லலாம். ஊசி போட்டுக்கொண்ட அந்த 7,080 பேரும் போடாதவர்களைப் போலவே பாதிக்கப்பட்டிருந்தால், 64 பேருக்குப் பதிலாக ஏறத்தாழ 280 பேர் படுக்கையில் சேர்ந்திருப்பார்கள்.

ஊசி போட்டவர்கள் கூட்டத்தில் பெரும்பான்மையாக ஆகும்போது, நோயாளிகளிலும் அவர்கள் கணிசமாக இருப்பது தவிர்க்க முடியாதது. ஊழியர்கள் அனைவரும் ஊசி போட்டிருந்தால், நோயுற்ற ஒவ்வொருவரும் ஊசி போட்டவராகவே இருந்திருப்பார். ஆகவே நோயாளிகளில் பாதிப் பேர் ஊசி போட்டவர்கள் என்ற செய்தி, அந்த ஊரில் எத்தனை பேர் ஊசி போட்டிருந்தார்கள் என்பதைச் சொல்லாதவரை, தடுப்பூசியைப் பற்றி எதையுமே சொல்வதில்லை.

இப்போது சோதனைக் கட்டத்துக்குப் போவோம். கோவிஷீல்டின் திறன் 70 விழுக்காடு என்று 2020 இறுதியில் நாளிதழ்களில் வந்தது. (அந்த 70 என்பது இரண்டு வெவ்வேறு எண்களின் சராசரி. முதல் ஊசியில் பாதி அளவே மருந்து பெற்ற ஒரு சிறு குழுவில் கிடைத்த 90-ஐயும், முழு அளவு பெற்றவர்களில் கிடைத்த 62-ஐயும் சேர்த்து வந்தது அது. இந்தியாவில் நாம் போட்டுக்கொண்டது முழு அளவு என்பதால் நமக்கு உரிய எண் 62 மட்டுமே.) இந்த 62 பிரிட்டனிலும் பிரேசிலிலும் நடந்த சோதனைகளிலிருந்து வந்தது. பங்கேற்றவர்கள் யாருக்கு எந்த ஊசி என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஒப்பீட்டுக் குழுவினர் பெற்றது பெரும்பாலும் மூளைக்காய்ச்சலுக்கான வேறொரு தடுப்பூசி. இரண்டாம் ஊசிக்குப் பின் 14 நாள் கழிந்து, அறிகுறிகளும் தோன்றி, சோதனையிலும் உறுதியான தொற்றுகளை மட்டுமே எண்ணினார்கள். முழு அளவு பெற்ற 4,440 பேரில் 27 பேருக்கும், ஒப்பீட்டுக் குழுவின் 4,455 பேரில் 71 பேருக்கும் அவ்வாறு தொற்று வந்தது.

62 விழுக்காடு என்ற சொல்லைக் கேட்டதும், நூறு பேர் ஊசி போட்டுக்கொண்டால் 38 பேருக்கு நோய் வரும் என்று புரிந்துகொண்டவர்கள் ஏராளம். சோதனையில் ஊசி போட்டவர்களில் நோய் வந்தது நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை, ஆயிரத்துக்கு ஆறு பேருக்குத்தான். ஒப்பீட்டுக் குழுவில் ஆயிரத்துக்கு பதினாறு. ஆறையும் பதினாறையும் ஒப்பிட்டுப் பெற்ற விகிதமே 62 விழுக்காடு என்ற பாதுகாப்பு. ஊசி போடாதவருக்கு இருக்கும் ஆபத்தில் எத்தனை பங்கு குறைகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது சொல்வதே இல்லை.

வேலூரில் நடந்தது என்ன என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் துலங்கும். ஊசி போடாத 1,609 ஊழியர்களில் 438 பேருக்குத் தொற்று வந்தது, அதாவது நூற்றுக்கு 27 பேருக்கு. இரண்டு ஊசியும் போட்ட 7,080 பேரில் 679 பேருக்கு வந்தது, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கு. பாதுகாப்பு 65 விழுக்காடு. சோதனை சொன்ன 62-க்கும் மருத்துவமனை வளாகத்தில் கண்ட 65-க்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. எண்ணிய முறையும், உலவிய வைரஸின் வகையும், ஊசி போட்டவர்களின் வேலையும் வேறாக இருந்ததால், இந்த நெருக்கத்தில் ஓரளவு தற்செயலும் கலந்திருக்கலாம். ஆனால் தடுப்பூசியை மீறிய தொற்றுகளைப் பாருங்கள்: சோதனையில் ஆயிரத்துக்கு ஆறு, வேலூரில் ஆயிரத்துக்கு 96. பதினாறு மடங்கு கூடிவிட்டது.

இந்தப் பதினாறு மடங்கைக் கண்டவர்கள், ஊசி வேலை செய்யவில்லை என்றே முடிவு கட்டினார்கள். ஆனால் உண்மையில் கூடியது வைரஸின் அழுத்தம். சோதனை நடந்த மாதங்களில் பிரிட்டனில் ஊரடங்கோ வேறு கட்டுப்பாடுகளோ இருந்தன. வேலூரில் 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் பெரும்பாலும் டெல்டா வகையால் எழுந்த அலை வீசிக்கொண்டிருந்தது. அதுவும் நோயாளிகளை நாள் முழுவதும் தொட்டுப் பணி செய்கிறவர்களின் நடுவில். ஊசி போடாதவர்களுக்கான ஆபத்து பதினேழு மடங்கு உயர்ந்தபோது, ஊசி போட்டவர்களுக்கான ஆபத்தும் ஏறத்தாழ அதே அளவுக்கு உயர்ந்தது. இரண்டுக்கும் உள்ள விகிதம் மட்டும் அப்படியே நின்றது. மீறிய தொற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தடுப்பூசியை எடைபோடக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்: அந்த எண்ணிக்கை, ஊசியின் திறனைப் போலவே ஊரில் பரவும் நோயின் வேகத்தையும் சார்ந்திருக்கிறது.

செய்தியில் வரும் இத்தகைய எண்களைச் சோதிக்க, கள ஆய்வாளர்கள் நீண்ட காலமாகப் பயன்படுத்தும் ஓர் எளிய வழி உண்டு. நோயாளிகளில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் உள்ள விகிதத்தை எடுத்து, அவர்கள் வந்த கூட்டத்தில் அதே இரு தரப்புக்கும் உள்ள விகிதத்தால் வகுக்க வேண்டும். நம் கணக்கில் படுக்கையில் சேர்ந்தவர்களில் விகிதம் 64-க்கு 64, அதாவது ஒன்று. ஊழியர்களில் 7,080-க்கு 1,609, அதாவது 4.4. ஒன்றை 4.4-ஆல் வகுத்தால் 0.23, எஞ்சிய 0.77-தான் பாதுகாப்பு. முன்னர் கிடைத்த 77 விழுக்காடே மீண்டும் வருகிறது.

ஆனால் இந்த வழி எவ்வளவு எளிதில் நம்மை வழுக்கிவிடும் என்பதையும் உடனே பார்த்துவிட வேண்டும். மேற்கண்ட 4.4 என்பது, ஒரே ஊசி போட்டவர்களை விட்டுவிட்டு இந்த இரு தரப்பை மட்டும் எண்ணினால், 81 விழுக்காட்டினர் ஊசி போட்டவர்கள் என்பதற்குச் சமம். அந்த எண் நமக்குச் சரியாகத் தெரியாமல், 70 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டோமானால், அதே 64-க்கு 64-இலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு 57 விழுக்காடாகச் சரிந்துவிடும். 90 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால் 89-ஆக ஏறிவிடும். ஒரு மருத்துவமனையின் ஊழியர் பட்டியலில் யார் ஊசி போட்டார், யார் போடவில்லை என்பது ஆள்வாரியாகத் தெரியும். ஒரு மாவட்டத்துக்கு அப்படித் தெரியாது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக்கொண்டு ஊசி போட்டவர்களின் விழுக்காட்டைச் சொல்வதிலேயே எத்தனை ஊகம் கலக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மாவட்டச் செய்திக் குறிப்பிலிருந்து தடுப்பூசியின் திறனைக் கணக்கிட்டுக் காட்டுகிறவர்களை நான் நம்பாமல் இருப்பதற்கு இதுவே காரணம். அவர்கள் ஊசிக்கு ஆதரவாகச் சொன்னாலும் சரி, எதிராகச் சொன்னாலும் சரி.

சோதனையால் சொல்ல முடியாத ஒன்றைக் களம் சொல்லியது. கோவிஷீல்டு சோதனையில், முதல் ஊசிக்குப் பின் 21 நாள் கழித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் பத்தே பேர். பத்துப் பேரும் ஒப்பீட்டுக் குழுவைச் சேர்ந்தவர்கள். நல்ல செய்திதான், ஆனால் பத்து என்ற எண்ணை வைத்து ஆக்ஸிஜன் தேவைப்படும் நிலையிலிருந்து இந்த ஊசி எத்தனை விழுக்காடு காக்கும் என்று சொல்ல முடியாது. இத்தகைய சோதனைகள் அறிகுறியுள்ள நோயை எண்ணுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. கடும் நோய் அவ்வளவு அரிதாக வருவதால், அதை எண்ணுவதற்குச் சோதனை போதாது.

வேலூரில் ஊசி போட்ட 7,080 பேரில் ஆக்ஸிஜன் தேவைப்பட்டது நான்கு பேருக்கு. போடாத 1,609 பேரில் பதினொரு பேருக்கு. பாதுகாப்பு 92 விழுக்காடு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றவர்கள் முறையே இரண்டு பேர், எட்டுப் பேர். பாதுகாப்பு 94 விழுக்காடு. இறந்தவர் ஒருவர், அவர் ஊசி போடாதவர், வேறு பல நோய்களும் உள்ளவர். தொற்றுக்கு 65, படுக்கைக்கு 77, ஆக்ஸிஜனுக்கு 92 என்று படிப்படியாக உயரும் இந்த வரிசையில்தான் மீறிய தொற்றின் பொருள் அடங்கியிருக்கிறது. தொற்று வந்துவிட்டால் தடுப்பூசியின் வேலை முடிந்துபோய்விட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் தொற்று வந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். ஊசி போட்டும் தொற்று வந்த 679 பேரில் படுக்கைக்குப் போனவர்கள் நூற்றுக்கு 9 பேர். போடாமல் தொற்று வந்த 438 பேரில் நூற்றுக்கு 15 பேர். ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்கள் முன்னதில் ஆயிரத்துக்கு ஆறு, பின்னதில் ஆயிரத்துக்கு இருபத்தைந்து. தொற்று நுழைவதைத் தடுக்கத் தவறிய உடலிலும், அது நுரையீரலை எட்டும் வழியில் ஊசி குறுக்கே நின்றிருக்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் வைரஸை மறிக்கும் எதிர்ப்பொருள்கள் சில மாதங்களில் குறைந்துவிடும். ஒருமுறை கண்ட வைரஸை அடையாளம் வைத்திருக்கும் நினைவணுக்களோ நீண்ட காலம் இருக்கும், ஆனால் அவை விழித்தெழுந்து பெருகச் சில நாள்கள் ஆகும். அந்தச் சில நாள்களில் காய்ச்சலும் இருமலும் வந்துபோகும். நுரையீரல் கெடுவதற்குள் உடல் முந்திக்கொள்ளும்.

இருந்தாலும் 94 என்ற எண்ணை நான் வகுப்பில் சொல்லும்போது குரலைத் தாழ்த்தியே சொல்லுவேன். அது இரண்டுக்கும் எட்டுக்கும் இடையே உள்ள ஒப்பீடு. தீவிர சிகிச்சைக்குப் போன இரண்டு பேர் நான்கு பேராக இருந்திருந்தால் 94 என்பது 89 ஆகியிருக்கும். போக்கு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. கடைசி இலக்கத்தில் பொருளில்லை.

இனி இந்தக் கணக்கின் பலவீனங்கள். சோதனையில் குலுக்கல் இருந்தது. இங்கே யார் ஊசி போட்டார், யார் போடவில்லை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. 2021-இன் தொடக்கத்தில் இந்தியாவில் கருவுற்ற பெண்களுக்குத் தடுப்பூசி போட அனுமதி இல்லை. அது ஜூலையில்தான் வந்தது. ஆகவே எந்த மருத்துவமனையிலும் ஊசி போடாத ஊழியர்களில் அவர்களும் அடங்குவர், அவர்கள் கொரோனா வார்டுப் பணியிலிருந்து விலக்கப்பட்டிருக்கவும் கூடும். 2020-இல் ஏற்கெனவே தொற்று வந்து தேறியவர்கள், இனி நமக்கெதற்கு என்று ஊசியைத் தள்ளிப்போட்டிருந்தால், போடாதவர்களின் குழுவிலும் இயற்கையான பாதுகாப்பு கலந்திருக்கும். இவ்விரண்டும் ஊசியின் திறனை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும்.

எதிர்ப்பக்கம் இழுப்பது காலக் கணக்கு. மேற்கண்ட விழுக்காடுகள் அனைத்தும் தலைக்கணக்கு. ஒவ்வொருவரும் ஊசியுடன் எத்தனை நாள், ஊசியில்லாமல் எத்தனை நாள் இருந்தார் என்று எண்ணும் ஆள்-நாள் கணக்கு அல்ல. ஒரு செவிலியர் ஊசி போடுவதற்கு முன்பே மார்ச் மாதத்தில் தொற்றுக்கு ஆளாகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஊசி போடாதவராகவே எண்ணப்படுவார். அவருடன் அதே வார்டில் பணியாற்றிய இன்னொருவர் மார்ச் முழுவதும் ஊசி இல்லாமலேயே தப்பி, ஏப்ரலில் இரண்டாம் ஊசியை முடித்துக்கொள்கிறார். அவர் ஊசி போட்டவராக எண்ணப்படுவார். அவர் ஊசி இல்லாமல் தப்பிய மார்ச் மாதமும் ஊசி போட்டவர்களின் கணக்கில் வரவாகிவிடும். இது ஊசியை உள்ளதைவிட உயர்த்திக் காட்டும். வேலூரில் இந்தப் பிழை பெரிதாக இருந்திருக்காது என்பது என் மதிப்பீடு. ஏனெனில் அலை உயர்ந்தது ஏப்ரல் நடுவில்தான், அதற்குள் ஊழியர்களில் பெரும்பாலோர் ஊசி முடித்துவிட்டார்கள்.

இந்தப் பிழையின் சாயல் ஒரு இடத்தில் வெளிப்படையாகவே தெரிகிறது. ஒரே ஊசி போட்ட 1,878 பேரில் 200 பேருக்குத் தொற்று வந்தது. பாதுகாப்பு 61 விழுக்காடு. இரண்டு ஊசி போட்டவர்களின் 65-க்கு மிக அருகில். அப்படியானால் ஒரு ஊசியே போதுமா? அதே ஆண்டில் பிரிட்டனில் நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டு நடத்திய பெரிய ஆய்வில், டெல்டாவுக்கு எதிராக ஒரு ஊசி தந்த பாதுகாப்பு 31 விழுக்காடு மட்டுமே; கோவிஷீல்டின் அதே மருந்து இரண்டு ஊசியாகப் போடப்பட்டபோது 67. வேலூரில் ஒரே ஊசியுடன் நின்றவர்கள் யார் என்பதைக் கேட்டால் புதிர் ஓரளவு அவிழும். ஏப்ரல் கடைசியில் முதல் ஊசி போட்டவருக்கு, மே 19-க்குள் ஊசியுடன் கழித்த நாள்கள் மூன்று வாரத்துக்கும் குறைவு. அந்தக் குறுகிய காலத்தில் அவருக்குத் தொற்று வர வாய்ப்பும் குறைவு. 7,080-உடன் 1,878-ஐ ஒப்பிடுவது, மூன்று மாதம் நின்றவரையும் மூன்று வாரம் நின்றவரையும் ஒரே தராசில் வைப்பதாகும். ஒரு ஊசி போதும் என்று யாராவது இந்த அட்டவணையை வைத்து வாதிட்டால், அவரை நிறுத்திக் கேட்க வேண்டியது இதைத்தான்.

1,350 பேரில் இதுவரை நான் சொல்லாத 33 பேர் இருக்கிறார்கள். இரண்டாம் ஊசி போட்டு இரண்டு வாரம் முடிவதற்குள் தொற்று வந்தவர்கள் அவர்கள். அவர்களை இரு தரப்பிலும் சேர்க்காமல் தனியே வைத்திருக்கிறார்கள். அது சரியே, ஏனெனில் உடல் எதிர்ப்பைக் கட்டி எழுப்ப அந்த நாள்கள் தேவை. ஊசி போட்ட ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது என்று நம் ஊரில் சொல்லப்பட்ட கதைகளில் பல, தடுப்பூசியை மீறிய தொற்று என்ற கணக்கில் வராதவை. அலை உயர்ந்துகொண்டிருந்தபோது ஊசி முகாம்களும் நடந்ததால், ஊசிக்கு முன்னரே தொற்றிக்கொண்டு ஊசிக்குப் பின் அறிகுறி கண்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

இந்த 65-உம் 77-உம் எவருக்கு உரியவை என்பதையும் சொல்ல வேண்டும். தொற்று வந்த அந்த ஊழியர்களின் நடு வயது 33. இரண்டாம் ஊசிக்குப் பின் தொற்று வரை கழிந்த காலத்தின் நடு அளவு 47 நாள். குடியாத்தத்தில் நெசவு செய்யும் எழுபது வயதுச் சர்க்கரை நோயாளி ஒருவர், ஊசி போட்டு எட்டு மாதம் கழித்துத் தொற்றுக்கு ஆளானால், அவருக்கு இந்த எண்களைச் சொல்லி உறுதி கூற முடியாது. 2021 இறுதியில் ஒமிக்ரான் வந்தபோது, பிரிட்டனில் இதே மருந்தின் இரண்டு ஊசிகள் லேசான நோய்க்கு எதிராக 20 வாரங்களுக்குப் பின் ஏறத்தாழ எந்தப் பாதுகாப்பும் தரவில்லை என்று கண்டார்கள். கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு அந்த அளவுக்குச் சரியவில்லை. 2022 ஜனவரியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் கேட்டது வேறு கேள்வி: "எத்தினி பேருக்கு ஆக்ஸிஜன் வெச்சாங்க சார், அதச் சொல்லுங்க."